பில்டருக்கு ப்ராஜெக்ட் பக்கம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு வலைப்பக்கம் செய்து கொடுப்பது என் தொழில். பில்டர், அவருடைய சேல்ஸ் ஆட்கள், புதிதாக இந்த வேலைக்கு வரும் டெவலப்பர் பையன்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குக்கு ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துக்கொள்வோம்: மடிப்பாக்கத்தில் 6 கிரவுண்ட் நிலம், கீழே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம் பிளஸ் 5 மாடி, மொத்தம் 30 வீடு, எல்லாம் ஒரே அளவு 2 பிஎச்கே. நிஜத்தில் எல்லா வீடும் ஒரே அளவில் இருக்காது, கணக்கு புரிவதற்காக அப்படி.

"எங்ககிட்ட அழகான பிரோஷர் பிடிஎஃப் இருக்கு சார். அதையே ஏத்திட்டா போதாதா?"

பிரோஷர் என்பது தொடக்க விழா அன்றைய நிலவரம். அதன் பிறகு எந்த வீடு போனது, எத்தனையாவது ஸ்லாப் முடிந்தது, இந்த ஞாயிற்றுக்கிழமை சைட்டில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றுக்காகத்தான் தனிப் பக்கமே. இவை மாறாது என்றால் பிடிஎஃப் போதும், எனக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரோஷருக்கு வரைபடம் போகும்போது பெரும்பாலும் சிஎம்டிஏ என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இறுதியாகியிருக்காது. அனுமதியில் படிக்கட்டு ஒரு அடி நகர்ந்திருக்கும், பால்கனி சுருங்கியிருக்கும், பிரோஷரில் பழையதே இருக்கும். அதனால் நான் வேலையைத் தொடங்கும் முன் பிரோஷரைக் கேட்பதில்லை. அனுமதி பெற்ற வரைபடம், ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த பரப்பளவு அட்டவணை, பதிவுச் சான்றிதழ் மூன்றையும் கேட்பேன். பக்கத்தில் வரும் ஒவ்வொரு எண்ணும் இந்த மூன்றிலிருந்துதான் வர வேண்டும்.

"ரெரா நம்பர் இன்னும் வரல. அதுவரைக்கும் 'விரைவில்'னு ஒரு பக்கம் போட்டு, ஆர்வம் உள்ளவங்க நம்பரை மட்டும் வாங்கி வைக்கலாமா?"

கூடாது. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 3-ஆவது பிரிவு பதிவுக்கு முன் விற்பனையை மட்டுமல்ல, விளம்பரத்தையும் தடுக்கிறது. 'விரைவில்' என்று போட்டு போன் நம்பர் வாங்குவதும் விளம்பரம்தான். மீறினால் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டால் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. நம்முடைய 6 கிரவுண்ட், 30 வீடு திட்டம் இரண்டிலுமே தாண்டிவிடுகிறது.

பக்கத்தை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடவுச்சொல்லுக்குப் பின்னால். `noindex` போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கூகுளுக்குத்தான் தடை. லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் ஊருக்கே திறந்த பக்கம்தான்.

நம்பர் வந்த பிறகு, பதிவு எண்ணும் `rera.tn.gov.in` என்ற முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் சாம்பல் நிறத்தில் எறும்பு அளவுக்கு அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பும் தனிப் படங்களிலும் இரண்டும் இருக்கட்டும். பக்கத்தை விட்டு வெளியே அதிகம் சுற்றுவது அந்தப் படங்கள்தான்.

"940 சதுர அடின்னு போட்டா போதும்ல? கார்பெட் ஏரியா சின்னதா தெரியும், கஸ்டமர் ஓடிடுவாங்க."

ஓடுகிறவர் இப்போதே ஓடட்டும். அக்ரிமென்ட் நாளில் ஓடினால் செலவு அதிகம். சட்டப்படி பேச்சு கார்பெட் ஏரியாவில்தான். அதைப் பெரிதாகப் போட்டு, மற்றதை எப்படி வந்தது என்று விளக்கிவிட்டால் வாங்குபவரே கூட்டிப் பார்த்துக்கொள்வார்.

நம் 2 பிஎச்கே வீட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே புழங்கும் இடமும் அறைகளுக்கு நடுவில் உள்ள தடுப்புச் சுவர்களும் சேர்ந்து 640 சதுர அடி. இதுதான் கார்பெட். பால்கனி 40, வெளிச்சுவர் 60. இவை கார்பெட்டில் சேராது, ஆனால் அந்த வீட்டுக்கே உரியவை. சேர்த்தால் 740. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது இடத்தில் அந்த வீட்டின் பங்கு 200. ஆக 940. விலை எதன் மேல் போட்டிருந்தாலும் இந்த நான்கு வரியும் அதே வரிசையில் பக்கத்தில் இருக்கட்டும்.

டெவலப்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த எண்களை ஒவ்வொரு இடத்திலும் கையால் தட்டாதீர்கள். ஒரே அட்டவணையில் வைத்து, மேலே வரும் கட்டம், வரைபடத்தின் ஓரம், பிடிஎஃப் எல்லாம் அங்கிருந்தே எடுக்கட்டும். சதுர மீட்டரை மூலமாக வைத்து, 10.764-ஆல் பெருக்கிச் சதுர அடியைக் காட்டுங்கள். ரெரா ஆவணத்தில் இருப்பது சதுர மீட்டர். நம் ஊர்க்காரர் கேட்பது சதுர அடி.

"ரெடியான பக்கத்து பிளாக்கில டேப் வச்சு அளந்தேன், 615 தான் வருது. 640-ன்னு போட்டிருக்கீங்களே?"

இந்தக் கேள்வி வாங்குபவரிடமிருந்து வரும், சேல்ஸ் ஆள் முழிப்பார். முன் பதிலில் சொன்ன தடுப்புச் சுவர்தான் காரணம். டேப் சுவரில் போய் முட்டி நிற்கும். சட்டத்தின் வரையறையோ உள் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடத்தையும் கார்பெட்டில் சேர்க்கிறது. நாலரை அங்குலச் சுவர்கள் நாலைந்து ஓடினால் இருபது, இருபத்தைந்து சதுர அடி அதிலேயே போய்விடும்.

அறை அளவிலும் இதே மாதிரி ஒரு இடறல் இருக்கிறது. வரைபடத்தில் 10 அடி என்பது பெரும்பாலும் செங்கலிலிருந்து செங்கல் வரை. இரண்டு பக்கமும் பூச்சு ஏறினால் ஒரு அங்குலம் குறையும். 'பூச்சுக்கு முந்தைய அளவு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கட்டில் வாங்கிவிட்டுச் சண்டைக்கு வர மாட்டார்கள்.

"யூடிஎஸ் எவ்வளவுன்னு எல்லாரும் கேக்குறாங்க. அதையும் பக்கத்தில போடணுமா?"

போடுங்கள். சென்னையில் வீடு வாங்குபவர் முதலில் கேட்பது நிலத்தில் தன் பாகம் எவ்வளவு என்றுதான். பெரியவர்கள் வந்தால் நீச்சல் குளத்தைக் காட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும்.

ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, 6 கிரவுண்ட் 14,400. வீடுகளின் மொத்தப் பரப்பு 30 பெருக்கல் 940, அதாவது 28,200. ஒரு வீட்டின் பிரிபடாத பாகம் 14,400 பெருக்கல் 940 வகுத்தல் 28,200. விடை 480 சதுர அடி. பக்கத்தில் இந்த விடை மட்டும் போதும். ஆனால் எல்லா வீட்டின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் நிலத்தின் அளவு வருகிறதா என்று வெளியிடும் முன் பாருங்கள். கூட்டுத்தொகை நிலத்தைத் தாண்டினால் எங்கோ ஒரு எண் தப்பு. நிலத்துக்குக் கீழே நின்றால், சாலைக்காகத் தானமாகக் கொடுத்த இடத்தைக் கழித்திருக்கிறார்களா என்று பில்டரிடம் கேளுங்கள்.

"ஃப்ளோர் பிளான் போன்ல தெரியவே மாட்டேங்குது. பெரிய படமா போட்டா பக்கம் திறக்க நேரமாகுது. என்ன பண்ண?"

எஸ்விஜி கோப்பாகப் போடுங்கள். எவ்வளவு விரித்தாலும் கோடு கலங்காது, கோப்பும் சின்னதாக இருக்கும். ஆர்க்கிடெக்ட்டிடம் கேட்ட உடனே அவர் தருவது ஆட்டோகேட் கோப்பு. அதை அப்படியே மாற்றினால் தண்ணீர்க் குழாய், கம்பி, பீம் எண் எல்லாம் சேர்ந்து சிலந்தி வலை மாதிரி இருக்கும். சுவர், கதவு, ஜன்னல், அறைப் பெயர், அளவு, வடக்கு அம்பு தவிர மற்ற அடுக்குகளை அணைத்துவிட்டு பிடிஎஃப் தரச் சொல்லுங்கள். அங்கிருந்து இங்க்ஸ்கேப்பில் எஸ்விஜி.

எஸ்விஜியை `<img>` வழியாகப் போட்டால் நீங்கள் பக்கத்தில் ஏற்றிய தமிழ் எழுத்துரு அதற்குள் போகாது. போனில் இருக்கிற ஏதோ ஒரு எழுத்துருவில் 'படுக்கையறை' வந்து சுவரைத் தாண்டி நிற்கும். படத்தைப் பக்கத்தின் உள்ளேயே சேர்த்துவிடுங்கள், எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

"ஏ வீட்டோட கண்ணாடி பிம்பம்தான் எஃப் வீடு. படத்தை அப்படியே திருப்பிப் போட்டுடலாம்ல?"

ஒருமுறை என் பையன் ஒருவன் அப்படிச் செய்தான். `transform: scaleX(-1)` என்று ஒரே வரி. எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பியது எல்லோர் கண்ணிலும் பட்டது, அதைச் சரி செய்தான். யார் கண்ணிலும் படாதது வாசல். கிழக்கு பார்த்த வாசல் திரும்பியபோது மேற்கு பார்த்ததாகிவிட்டது, ஆனால் பக்கத்தில் வீட்டு விவரம் இன்னும் 'கிழக்கு' என்றே சொன்னது. வாஸ்து பார்த்து எஃப் வீட்டைத் தேர்ந்தெடுத்து, திசைகாட்டியோடு சைட்டுக்கு வந்த குடும்பம் அதோடு சரி, திரும்ப வரவே இல்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வரைபடம் வையுங்கள். வாசல் திசையை வீட்டு அட்டவணையில் ஒரு தனிப் பத்தியாக வைத்து, படத்தின் வடக்கு அம்போடு யாராவது ஒருவர் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 'கிழக்கு வாசல் மட்டும்' என்ற வடிகட்டி இந்த ஊரில் விலை வடிகட்டி அளவுக்கு அமுக்கப்படும், அதனால் அதில் தப்பு இருக்கக் கூடாது.

"வசதிகள் பகுதியில ஜிம், மொட்டை மாடித் தோட்டம், குளம் எல்லாம் ரெண்டரிங் படம் போட்டுக்கலாமா?"

படம் போடலாம், அது வரைந்த படம் என்று அதன் மேலேயே எழுதி. ஆனால் ஒவ்வொரு வசதியும் அனுமதி வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். காட்ட முடியாதது பக்கத்தில் வராது. விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து, அது பொய்யாகி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு கொடுக்க வேண்டும் என்று ரெராவின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. திட்டத்திலிருந்து விலக நினைத்தால் போட்ட பணம் வட்டியோடு திரும்ப வரும். ஸ்டாக் படத்தில் வரும் ஐம்பது அடி நீளக் குளம் வாங்குபவரின் வக்கீல் கையில் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும்.

பெயரை விட அளவு பேசும். 'ஜிம்' என்பதற்குப் பதில் 'ஸ்டில்ட் தளத்தில் ஜிம், 220 சதுர அடி' என்று எழுதினால் எதிர்பார்ப்பு சரியான இடத்தில் நிற்கும்.

"கட்டுமான நிலவரத்துக்கு 65% முடிந்ததுன்னு ஒரு பட்டை போட்டா நல்லா இருக்குமே?"

பார்க்க நல்லா இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் கிடையாது. ஐந்து மாடியும் எழும்பி நிற்கும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேலை முக்கால்வாசி முடிந்த மாதிரி தெரியும். உள்ளே பூச்சு, மின்குழாய், பிளம்பிங், டைல்ஸ், லிஃப்ட் எல்லாம் பாக்கி, நேரம் தின்பதும் அவைதான். அந்தப் பட்டை மாதக்கணக்கில் 70-லேயே நிற்கும்போது வாங்கியவர் பயந்து போன் செய்வார்.

சதவீதத்துக்குப் பதில் கட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். 'மூன்றாம் மாடிக் கூரை கான்கிரீட் முடிந்தது, ஜூலை 12.' இதில் வாதாட ஒன்றும் இல்லை. ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

```json
{
  "date": "2025-07-12",
  "block": "A",
  "stage": "roof-slab-3",
  "status": "done",
  "photo": "a-gate-2025-07-12.webp"
}
```

இந்தக் கட்டப் பெயர்கள் அக்ரிமென்ட்டில் உள்ள பணம் கட்டும் அட்டவணையோடு ஒத்திருக்க வேண்டும். வீட்டுக் கடனும் பெரும்பாலும் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் பகுதி பகுதியாக விடுவிக்கப்படுகிறது. அக்கவுன்ட்ஸில் இருந்து 'நான்காம் கூரைக்கான தவணை கட்டவும்' என்று கடிதம் போய், பக்கத்தில் 'மூன்றாம் கூரை' என்றே இருந்தால், வாங்கியவர் பக்கத்தைக் காட்டித் தவணையை நிறுத்துவார். அவர் செய்வது நியாயம்தான். பக்கத்தில் பதிவு ஏறாமல் தவணைக் கடிதம் போகக் கூடாது என்று நான் வேலை பார்க்கும் ஒரு இடத்தில் விதியே வைத்துவிட்டார்கள்.

"சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புறார். தேதியை படத்திலிருந்தே எடுத்துக்கலாமா?"

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கேமரா எழுதிய தேதி அழிந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் `IMG-20250712-WA0031.jpg` என்று பெயர் வரும். அந்தத் தேதி படம் எடுத்த நாள் அல்ல, வந்து சேர்ந்த நாள். போன மாதப் படத்தை இன்று அனுப்பினாலும் இன்றைய தேதிதான் வரும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். 'இந்த வாரம்' என்று ஏற்றிய படத்தில் மதிலோரம் ஒரு வேப்ப மரம். அது வெட்டப்பட்டு ஒரு மாதமாகிவிட்டது என்று எதிர் வீட்டிலேயே குடியிருந்த ஒரு கஸ்டமர் எழுதினார்.

படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது கேமரா எழுதிய `DateTimeOriginal` தேதி தங்கும். பக்கத்தில் ஏற்றும் முன் தேதியை எடுத்துக்கொண்டு, இடக் குறிப்பு உள்ளிட்ட மற்றதை அழித்துவிடலாம். அப்புறம், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் பெயிண்டால் ஒரு குறுக்குக்கோடு போட்டுக் கொடுங்கள். ஆறு மாதப் படத்தை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் கட்டடம் எழும்புவது தெரியும், தனியாக வீடியோ எடுக்கத் தேவையில்லை.

"ஒரே ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு மூணு குடும்பம் வந்து நிக்குது. ஃபார்ம் எல்லாருக்கும் 'உறுதி'ன்னு சொல்லியிருக்கு!"

உங்கள் ஃபார்ம் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது, பிறகு எழுதுகிறது. அந்த இடைவெளியில் இன்னொருவரும் பார்த்துவிட்டார். இதை ஜாவாஸ்கிரிப்டில் தடுக்க முடியாது, தரவுத்தளமே மறுக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் இப்படி:

```sql
CREATE UNIQUE INDEX one_visit
ON visits (slot_start, guide_id)
WHERE status = 'booked';
```

ஒரே நேரத்தில், சுற்றிக் காட்டும் ஒரே ஆளுக்கு இரண்டாவது பதிவு வந்தால் தரவுத்தளம் பிழை சொல்லும். நீங்கள் 'அந்த நேரம் போய்விட்டது, இதோ அடுத்தது' என்று காட்டுங்கள். கடைசி வரி இருப்பதால் ரத்தான நேரத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டி மாடி ஏறி இறங்கவே இருபது நிமிடம். அதோடு, ஞாயிறு 4:30 முதல் 6 வரை ராகு காலம். பார்க்க வருபவர்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, ஆனால் அட்வான்ஸ் கொடுக்க நினைப்பவர்கள் அந்த நேரத்தைத் தொட மாட்டார்கள். அந்த நேரத்தை மறைக்க வேண்டாம், சேல்ஸில் மூத்தவரை மட்டும் காலை நேரத்துக்குப் போட்டுவிடுங்கள்.

"பையன் சிங்கப்பூர்ல இருந்து அப்பா அம்மாவுக்கு புக் பண்ணான். அவங்க போனப்ப சைட்டில யாருமே இல்ல."

பிரவுசர் அந்த ஊர் நேரத்தைக் காட்டியிருக்கும். காலை 10 மணி இடம் அவன் திரையில் 12:30 என்று தெரிந்திருக்கும், அவனும் அதையே அப்பாவிடம் சொல்லியிருப்பான். நேரத்தை `timestamptz` ஆகச் சேமித்து, யார் எங்கிருந்து பார்த்தாலும் சென்னை நேரத்தையே காட்டுங்கள்:

```js
new Intl.DateTimeFormat('ta-IN', {
  timeZone: 'Asia/Kolkata',
  dateStyle: 'full',
  timeStyle: 'short'
}).format(slotStart)
```

பக்கத்திலேயே 'சென்னை நேரம்' என்றும் எழுதுங்கள். புக் செய்பவர் வேறு, வருபவர் வேறு என்பது இங்கே சகஜம். அதனால் வருபவரின் போன் நம்பரைத் தனியாகக் கேட்டு, உறுதிச் செய்தியை இரண்டு பேருக்கும் அனுப்புங்கள். மேப் புள்ளி நிலத்தின் நடுவில் இல்லாமல் கேட்டின் மேல் இருக்கட்டும். இல்லாவிட்டால் கூகுள் பின் தெருவுக்குக் கொண்டுபோய் மதிலைக் காட்டும்.

"விசிட் புக் பண்ணும்போதே ஒரு டோக்கன் பணம் வாங்கிட்டா வர்றவங்க உறுதியா வருவாங்கல்ல?"

வேண்டாம். 'புக்கிங்' என்ற சொல் இரண்டு வேலைக்கும் பயன்படுவதால் வரும் குழப்பம் இது. பார்க்க வருவதற்குப் பணம் வாங்கினால் அது வீட்டுக்கான அட்வான்ஸா இல்லையா என்ற கேள்வி பிறக்கும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-ஆவது பிரிவு. டோக்கன் அந்த வரம்புக்குள்தான் இருக்கும், ஆனால் எந்த வீட்டுக்கு, எந்த விலைக்கு என்று தீர்மானிக்காமல் வாங்கிய பணத்துக்கு ரசீதில் என்ன எழுதுவீர்கள்? பொத்தானில் 'சைட் பார்க்க நேரம் குறிக்க' என்று எழுதுங்கள். வராமல் போவதைக் குறைக்க, முந்தின நாள் மாலை ஒரு செய்தி, அதில் 'வருகிறேன்', 'வேறு நாள்' என்று இரண்டு பதில். அது போதும்.

"நவம்பர் முழுக்க மழை, வேலையே நடக்கல. அந்த மாசம் அப்டேட் போடாம விட்டுடலாமா?"

விட்டால் அந்த இடைவெளிதான் எல்லோர் கண்ணிலும் படும். மேலே சொன்ன அதே இடத்தில் நின்று, தண்ணீர் தேங்கிய சைட்டையே படம் எடுத்து, 'இந்த மாதம் கான்கிரீட் போடவில்லை, உள்ளே இரண்டாம் மாடிச் செங்கல் வேலை நடந்தது' என்று எழுதுங்கள். கட்டத்தை மாற்றாதீர்கள், பதிவை மட்டும் ஏற்றுங்கள்.

ஒப்படைக்கும் தேதி மட்டும் உங்கள் இஷ்டம் அல்ல. பக்கத்தில் ரெராவில் பதிந்த தேதியே இருக்க வேண்டும். வெள்ளம், புயல் போன்ற காரணத்துக்கு ஆணையம் நீட்டிப்புக் கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்த பிறகு புதிய தேதியைப் போட்டு, பழையதை அடித்துக் காட்டுங்கள், அழித்துவிடாதீர்கள். ஏற்கனவே வாங்கியவர் போனில் பழைய தேதி ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கிறது.